எழுத்தை அழித்தால் வீடியோ வெட்டுப்படும் முறை: "வந்து", "ம்ம்", மௌனம் எல்லாவற்றையும் எடுத்தால் பாடம் கெடுகிறது, என்ன செய்வது?

செல்வி_வேலூர்

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா பதினோராம் வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் எடுக்கிறார். வகுப்பறையில் போனை ஸ்டாண்டில் வைத்து, சட்டையில் ஒரு சின்ன மைக் மாட்டிப் பதிவு செய்கிறோம். எடிட்டிங் என் பொறுப்பு. ஒவ்வொரு பாடமும் முக்கால் மணி நேரம் வரும்.

முன்பெல்லாம் டைம்லைனில் அலைவடிவத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டுவேன். இப்போது கேடென்லைவின் ஸ்பீச் எடிட்டரில் விஸ்பர் மாடலை வைத்துத் தமிழில் எழுத்தாக்கிக்கொள்கிறேன். வேண்டாத சொற்களைத் தேர்ந்தெடுத்து அழித்தால் வீடியோவிலும் அந்தத் துண்டு போய்விடுகிறது. வேகம் நன்றாக இருக்கிறது. ஆனால் வெளிவரும் வீடியோ சரியில்லை.

தேய்மானப் பாடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா "வந்து" நிறையச் சொல்வார். எல்லா "வந்து"களையும் தேடி அழித்தேன். சில இடங்களில் முந்தைய சொல்லின் கடைசி எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. "தேய்மானம்" என்பது "தேய்மான" என்று கேட்கிறது. பேச்சில்லாத இடங்களை மொத்தமாக எடுத்ததும் அக்கா பலகையில் எழுதிய இடமெல்லாம் காணாமல் போனது. கை பலகைக்குப் போகிறது, அடுத்த நொடி முழுக் கணக்கும் அங்கே நிற்கிறது. இவ்வளவுக்கும் மேலே, காதில் தெளிவாகக் கேட்கும் "ம்ம்", "ஆஆ" ஒன்றுகூட எழுத்தில் வரவில்லை. எழுத்தில் இல்லாததை எப்படி அழிப்பது?

ராஜா77

சகோதரி, இது சுலபம். எஸ்.ஆர்.டி. கோப்பை நோட்பேடில் திறந்து, "வந்து" என்பதைத் தேடி, வெற்றிடமாக மாற்றிவிடுங்கள். சப்டைட்டில் சுத்தமாகிவிடும். நான் கோயில் சொற்பொழிவு வீடியோக்களுக்கு இப்படித்தான் செய்கிறேன்.

செல்வி_வேலூர்

ராஜா அண்ணா, நீங்கள் சொல்வது திரையில் கீழே ஓடும் எழுத்துக்கு. எனக்கு வீடியோவே வெட்டுப்பட வேண்டும். எழுத்தை அழித்தால் அந்தச் சொல்லைப் பேசிய படமும் ஒலியும் சேர்ந்து போக வேண்டும்.

ராஜா77

ஓ, அப்படியா. அப்படி ஒரு வசதி இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. தொடர்ந்து படிக்கிறேன்.

மணி_எடிட்ஸ்

இதற்கு எழுத்தே தேவையில்லை என்பது என் கருத்து. `auto-editor` என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. ஒலி அளவைப் பார்த்து அமைதியான இடங்களைத் தானாக வெட்டிவிடும். மொழி எதுவானாலும் கவலையில்லை.

```
auto-editor vakuppu.mp4 --margin 0.2sec
```

மார்ஜின் என்பது பேச்சுக்கு முன்னும் பின்னும் விட்டுவைக்கும் நேரம். 0.2 நொடி விட்டால் கடைசி எழுத்து வெட்டுப்படாது. எழுத்தாக்கம், திருத்தம் என்று எதற்கு இரட்டை வேலை? என் கிளையன்ட் வீடியோக்கள் எல்லாம் இப்படித்தான் போகின்றன. யாரும் குறை சொன்னதில்லை.

ஒலிக்கோப்பு

மணி சொல்வதில் பாதி சரி. ஓர் ஆள் அமைதியான அறையில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசினால், இடைவெளிகளை எடுக்க ஒலி அளவே போதும். மார்ஜின் விடுவதும் நல்ல பழக்கம். ஆனால் செல்வியின் பதிவு வகுப்பறை. மேலே மின்விசிறி ஓடும், மாணவர்கள் பக்கம் புரட்டுவார்கள். அங்கே "அமைதி" என்று ஒரு அளவு வைப்பதே கஷ்டம். அளவைக் குறைத்து வைத்தால் எதுவும் வெட்டுப்படாது. ஏற்றி வைத்தால் அக்கா தாழ்ந்த குரலில் சொன்ன சொல் போய்விடும். "வந்து", "ம்ம்" எல்லாம் ஒலி அளவுக்குப் பேச்சுத்தான். அவற்றை அது தொடவே தொடாது.

செல்விக்கு வருகிறேன். நீங்கள் திரையில் பார்ப்பது எழுத்து மட்டுமல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் தொடக்க நேரம், முடிவு நேரம் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. சொல்லை அழித்தால் அந்த இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட படமும் ஒலியும் போகும். ஆகவே எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்பதைவிட அந்த எண்கள் சரியா என்பதுதான் கேள்வி. விஸ்பரின் சொல் நேரங்கள் நேரடியாக அளந்து எடுத்தவை அல்ல, மாடல் எந்தச் சொல்லை எழுதும்போது ஒலியின் எந்தப் பகுதியைக் கவனித்தது என்பதிலிருந்து கணித்தவை. சொல்லுக்குச் சொல் சிறிது முன்பின் ஆகும்.

உங்கள் எழுத்தாக்கத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
தேய்மானம்   12.40   13.22
வந்து        13.22   13.98
ஒரு          13.98   14.15
```

"வந்து" என்று சாதாரணமாகச் சொல்ல 0.3 நொடிக்கு மேல் ஆகாது. இங்கே 0.76 நொடி. அப்படியென்றால் சொல் மட்டும் அங்கே இல்லை, அதற்குப் பின்னால் அக்கா யோசித்த மௌனமும் அதே சொல்லின் கணக்கில் ஏறியிருக்கிறது. அதனால்தான் அந்த இடைவெளி தனியாக உங்கள் கண்ணில் படவில்லை. "வந்து"வை அழித்ததும் இரண்டும் ஒன்றாகப் போய், "தேய்மானம்ஒரு" என்று மூச்சுவிடாமல் ஒட்டிக்கொள்ளும்.

எல்லை வரும் 13.22 என்ற இடத்தையும் பாருங்கள். "தேய்மானம்" என்பதன் கடைசி "ம்" உதடு மூடி மூக்கில் ஒலிப்பது. அலைவடிவத்தில் உயரம் குறைவு, மெதுவாக அடங்கும். அது 13.28 வரை நீண்டிருக்கலாம். மாடல் 13.22இல் சொல் முடிந்தது என்று போட்டால், உங்கள் வெட்டு "ம்"மின் நடுவில் விழும். நீங்கள் கேட்ட "தேய்மான" இதுதான். ம், ன், ல், ள் என்று முடியும் சொற்களுக்குப் பின்னால் வெட்டும்போது மட்டும் ஒவ்வொன்றையும் காதால் கேட்டுப் பாருங்கள். தமிழில் அப்படி முடியும் சொற்கள் ஏராளம் என்பதால் ஆங்கில வீடியோவைவிட நமக்கு இந்த வேலை கூடுதல்.

சரிசெய்வது எழுத்தில் முடியாது, டைம்லைனில்தான் முடியும். வெட்டின் இடப்பக்கத் துண்டை இரண்டு ஃபிரேம் வலப்பக்கம் இழுத்து நீட்டுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் அது சுமார் 0.067 நொடி. "ம்" திரும்பி வந்துவிடும். பிறகு அந்த இணைப்பில் ஒலிக்கு மட்டும் ஒன்றிரண்டு ஃபிரேம் அளவுக்குக் கிராஸ்ஃபேட் கொடுங்கள். டப் என்ற சத்தம் போய்விடும்.

செல்வி_வேலூர்

ஒலிக்கோப்பு சார், நீங்கள் சொன்னபடி போய்ப் பார்த்தேன். "மதிப்பு வந்து" என்ற இடங்களில் பிரச்சினை இல்லை. "தேய்மானம் வந்து", "இயந்திரம் வந்து", "ஆண்டில் வந்து" என்ற இடங்களில்தான் கெட்டிருக்கிறது. ஃபிரேமை இழுத்ததும் சரியாகிறது.

பலகையில் எழுதும் இடத்துக்கு வழி சொல்லுங்கள். அங்கே அக்கா பேசுவதே இல்லை. ஒரு லட்ச ரூபாய் இயந்திரம், பத்து சதவீதத் தேய்மானம். குறைந்து செல் மதிப்பு முறையில் முதல் ஆண்டு 10,000, இரண்டாம் ஆண்டு 9,000, மூன்றாம் ஆண்டு 8,100 என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார். மாணவர்கள் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளும் நேரமும் அதுதான்.

ஒலிக்கோப்பு

அந்த மௌனம்தான் உங்கள் வீடியோவில் விலை உயர்ந்த பகுதி. அதை மென்பொருள் அறியாது. அதற்குத் தெரிந்தது "இங்கே பேச்சு இல்லை" என்பது மட்டும்.

பெரும்பாலானவர்கள் இடைவெளிக்குக் கீழ் எல்லை மட்டும் வைப்பார்கள். 0.7 நொடிக்கு மேல் இருப்பதையெல்லாம் எடு என்பார்கள். மேல் எல்லையும் வேண்டும் என்பேன். உங்கள் பட்டியலில் இடைவெளிகளை நீளவாரியாகப் பாருங்கள். 0.5 நொடிக்குக் கீழே இருப்பது பேச்சின் இயல்பு, தொடாதீர்கள். 0.8 முதல் 2 நொடி வரை இருப்பதில்தான் சொல் தேடும் தயக்கம் பெரும்பாலும் இருக்கும். அவற்றை மொத்தமாக எடுக்கலாம், ஆனால் பூஜ்யமாக்காமல் 0.3 நொடி விட்டுவையுங்கள். 3 நொடியைத் தாண்டியது எதையும் படத்தைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். யோசிப்பவர் அவ்வளவு நேரம் சும்மா நிற்பது அரிது. எழுதுகிறார், பக்கம் தேடுகிறார், மாணவர் கேட்பதைக் கேட்கிறார், ஏதோ ஒரு வேலை நடக்கிறது.

9,000 எழுதும் இடத்தில் அக்கா பன்னிரண்டு நொடி எடுத்தால், எழுதும் கையை முழுதாக விடுங்கள். எழுதி முடித்துத் திரும்பி, டஸ்டரைத் தேடி, தண்ணீர் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கும் பகுதி இருந்தால் அதை எடுங்கள். எழுத்தாக்கத்தில் இந்த இரண்டும் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும். டைம்லைனில் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

இன்னொன்று. நீண்ட மௌனத்தில் விஸ்பர் யாரும் பேசாத சொற்களைத் தானாக எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், அல்லது "நன்றி" மாதிரி சம்பந்தமில்லாத ஒன்று வரும். "இப்படி யாரும் சொல்லவில்லையே" என்று அதை அழித்தால், எழுத்தோடு எழுதும் கையும் போய்விடும். பேசாத எழுத்தைப் பார்த்தால் அழிக்காமல் முதலில் அந்த இடத்தை ஓட்டிப் பாருங்கள்.

மணி_எடிட்ஸ்

மேல் எல்லை வைக்கும் யோசனை நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். என் வீடியோக்களில் பலகை கிடையாது, அதனால் இந்தச் சிக்கல் எனக்கு வந்ததே இல்லை. ஆனால் 0.3 நொடி விடுவது அதிகம் என்று நினைக்கிறேன். யூடியூபில் 0.1 விட்டாலே பார்ப்பவர்கள் நிற்கிறார்கள். இழுத்தால் போய்விடுவார்கள்.

ஒலிக்கோப்பு

விளம்பரத்துக்கு 0.1 சரி. கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது கேட்பவர் எண்ணை மனத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். "பத்தாயிரம் போக மீதி தொண்ணூறாயிரம், அதில் பத்து சதவீதம்" என்பதில் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் சிறிது இடம் இல்லையென்றால் மாணவர் பின்னால் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். எண் வரும் வாக்கியங்களில் 0.5 வரை விடுவேன்.

"ம்ம்" பற்றிக் கேட்டீர்கள். விஸ்பர் அப்படித்தான். அது கற்றுக்கொண்ட எழுத்துகளில் பெரும்பகுதி ஏற்கெனவே சுத்தம் செய்யப்பட்டவை என்பதால், தயக்க ஒலிகளை எழுதாமல் தாண்டிவிடும். தொடக்கத்தில் ஒரு மாதிரி வாக்கியம் கொடுத்தால் ஓரளவு எழுத ஆரம்பிக்கும். கட்டளை வரியில் ஓட்டினால் இப்படி:

```
whisper vakuppu.mp4 --language ta --model large-v3 \
  --word_timestamps True \
  --initial_prompt "ம்ம்... அதாவது, ஆஆ... வந்து, இங்க பாத்தீங்கன்னா, ம்ம்..."
```

இதன் பலன் தொடக்கத்தில் அதிகம் இருக்கும், போகப்போகக் குறையும். விஸ்பர் ஒலியை 30 நொடி 30 நொடியாக எடுத்துக்கொள்கிறது, இந்த மாதிரி வாக்கியம் நேராகப் போய்ச் சேருவது முதல் துண்டுக்குத்தான். அதனால் எல்லா "ம்ம்"மையும் பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். எழுத்தில் வராத "ம்ம்" பெரும்பாலும் பக்கத்துச் சொல்லின் நேரத்துக்குள் ஒளிந்திருக்கும், அல்லது இடைவெளி என்று காட்டும் இடத்தில் இருக்கும். சின்னச் சொல்லுக்கு நீளமான நேரம் போட்டிருந்தால் அங்கே தேடுங்கள்.

கயல்விழி

என் பிரச்சினையையும் இங்கேயே கேட்கலாமா? என் பாட்டி தறி நெய்தவர். அவருடைய கதையைப் பேட்டியாக எடுக்கிறேன். அவருக்கு ஒரு மைக், எனக்கு ஒரு மைக், இரண்டு தனித்தனி ஒலித் தடங்கள். அவர் பேசும்போது நான் "ம்ம்", "ஆமா பாட்டி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். என் "ம்ம்"களை எழுத்தில் அழித்தால் அதே நேரத்தில் பாட்டி சொன்னதும் வெட்டுப்படுகிறது.

ஒலிக்கோப்பு

கயல், அதை எழுத்தில் செய்யாதீர்கள். எழுத்தில் அழித்தால் எல்லாத் தடங்களிலும் அந்த நேரமே இல்லாமல் போய்விடும். உங்களுக்கு நேரம் போகக்கூடாது, உங்கள் குரல் மட்டும் அடங்க வேண்டும். உங்கள் தடத்தில் அந்தத் துண்டின் ஒலியை மட்டும் குறையுங்கள். பாட்டியின் மைக்கிலும் உங்கள் குரல் லேசாக விழுந்திருக்கும். அது இருக்கட்டும், எதிரே ஆள் இருக்கிறார் என்பது தெரிந்தால்தான் பேட்டி.

பிரீமியர் வைத்திருப்பவர்களுக்கு: அங்கே எழுத்துப் பலகத்தில் லிஃப்ட், எக்ஸ்ட்ராக்ட் என்று இரண்டு இருக்கின்றன. எக்ஸ்ட்ராக்ட் துண்டை எடுத்து இடத்தையும் மூடிவிடும். லிஃப்ட் துண்டை எடுத்து இடத்தைக் காலியாக விடும். மேலே வேறு படம் வைக்கப்போகிறீர்கள் என்றால் லிஃப்ட்.

யாழ்_நிரூபன்

கயல்விழி, ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன். பல வருடமாகப் பேட்டி எடுத்து வருகிறேன். பாட்டியின் "ம்ம்"மையும் மௌனத்தையும் எடுக்கப் போகிறீர்களா? "தறியை ஏன் விற்றீர்கள்?" என்று நீங்கள் கேட்க, அவர் நான்கு நொடி பேசாமல் இருந்துவிட்டு "வித்திட்டம்" என்றால், அந்த நான்கு நொடியும் பதிலின் பகுதி. அதை எடுத்தால், கேட்டவுடன் எளிதாகப் பதில் சொன்னவராக அவரைக் காட்டுகிறீர்கள். சொல் மாறவில்லை, ஆனால் அவர் சொன்னது மாறிவிட்டது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ள மௌனத்தை நான் தொடுவதில்லை.

மணி_எடிட்ஸ்

நிரூபன் அண்ணா, எல்லா மௌனமும் அப்படி இல்லையே. பாட்டி பெயர் மறந்து யோசிப்பார், வெற்றிலை மடிப்பார். எல்லாவற்றையும் விட்டால் ஒரு மணி நேரப் பேட்டியை யார் பார்ப்பார்கள்? பார்க்காத பேட்டியால் பாட்டிக்கு என்ன பயன்?

யாழ்_நிரூபன்

வெற்றிலை மடிப்பதை வெட்டுங்கள், அங்கே வேறு படம் வையுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் எது தயக்கம், எது வெறும் இடைவெளி என்று எழுத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. முகத்தைப் பார்த்துத்தான் முடியும். "எல்லா இடைவெளியையும் சுருக்கு" என்ற ஒரே அழுத்தலில் அதைச் செய்வதைத்தான் எதிர்க்கிறேன். முழுப் பதிவையும் வெட்டாமல் தனியாக வைத்திருங்கள்.

மணி_எடிட்ஸ்

முழுப் பதிவை வைத்துக்கொள்வது சரி. வெட்டும் விஷயத்தில் நான் சொன்னதில்தான் இருக்கிறேன்.

கயல்விழி

இரண்டு பேருக்கும் நன்றி. தறி விற்ற இடத்தில் பாட்டி உண்மையிலேயே பேசாமல் இருந்தார். அதை அப்படியே விடுகிறேன். மற்றதை இன்னும் முடிவு செய்யவில்லை.

செல்வி_வேலூர்

மீண்டும் என் வகுப்புக்கு வருகிறேன். "வந்து"வை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது இது கிடைத்தது: "வியாபாரி கடைக்கு வந்து பில் கொடுத்தார்." இது உண்மையான "வந்து". தேடி அழித்தபோது இதுவும் போயிருந்தது. இப்படிப்பட்டதைத் தவிர்க்க வழி உண்டா?

வேறொன்றும் கவனித்தேன். வீடியோவின் முதல் பத்து நிமிடத்தில் வெட்டுகள் சரியாக விழுகின்றன. கடைசிப் பகுதியில் ஒவ்வொரு வெட்டும் அரைச் சொல் தள்ளி விழுகிறது.

ஒலிக்கோப்பு

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சரிசெய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண். போகப்போகத் தள்ளிப்போகிறது என்றால் எழுத்தாக்கத்தின் குறை இல்லை. போன் கேமராக்கள் நொடிக்கு ஒரே அளவு ஃபிரேம் எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப மாறும். எடிட்டர் அதைச் சீரான ஓட்டமாக எண்ணிக்கொள்ளும்போது வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். பேசும் வாயும் ஒலியும் கடைசியில் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் காரணம் இதுதான். எழுத்தாக்குவதற்கு முன்னாலேயே கோப்பைச் சீராக்கிக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -i vakuppu.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k vakuppu30.mp4
```

பிறகு `vakuppu30.mp4`-ஐ வைத்து மறுபடி எழுத்தாக்குங்கள். பழைய எழுத்தாக்கத்தை அதன்மேல் பொருத்த வேண்டாம்.

"வந்து"வுக்குக் குறுக்குவழி இல்லை. ஆங்கிலத்தில் "அம்", "அஹ்" எப்போதும் அர்த்தமில்லாத ஒலிதான், மொத்தமாக அழிக்கலாம். நமக்கு "வந்து", "அந்த", "அதாவது", "பாத்தீங்கன்னா" எல்லாமே வேறு இடத்தில் முழுச் சொற்கள். முன்னால் "கடைக்கு", "வீட்டுக்கு", "வங்கிக்கு" என்று "க்கு" வந்தால் பெரும்பாலும் வினை, விடுங்கள். ஆனால் "இதுக்கு வந்து என்ன பண்ணணும்" என்பதிலும் "க்கு" இருக்கிறது, அது வெறும் இழுப்பு. ஆகவே தேடுவதைத் தானாக விடலாம், அழிப்பதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

எல்லா "வந்து"வையும் எடுக்கவும் வேண்டாம். ஒரே வாக்கியத்தில் மூன்று வந்தால் இரண்டை எடுங்கள். "தேய்மானம் அப்படிங்கறது வந்து, ஒரு சொத்தோட மதிப்பு வந்து, வருஷாவருஷம் வந்து குறையறது" என்பதில் முதல் "வந்து"வை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துப் பாருங்கள். அக்கா அக்காவாகவே பேசுவார். மூன்றையும் எடுத்தால் அறிவிப்பு வாசிப்பது மாதிரி ஆகிவிடும், போதாததற்கு ஒரே வாக்கியத்தில் முகம் மூன்று முறை துள்ளும்.

செல்வி_வேலூர்

அந்தத் துள்ளலைப் பற்றியும் கேட்க நினைத்தேன். வெட்டின இடத்தில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் மறையும் என்று படித்தேன். செய்தால் பலகையில் இருக்கும் எழுத்தும் சேர்ந்து குதிக்கிறது, இன்னும் மோசமாகத் தெரிகிறது.

ஒலிக்கோப்பு

பின்னணி வெறும் சுவராக இருந்தால் எட்டுப் பத்து சதவீதம் பெரிதாக்குவது நன்றாக மறைக்கும். பலகை இருந்தால் வேண்டாம், கண் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். வகுப்பு முடிந்ததும் பலகையை அழிப்பதற்கு முன் கிட்டத்தில் நின்று, மெதுவாக மேலிருந்து கீழாக ஒரு நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அக்காவின் குரல் ஓட, மேலே அந்தப் படத்தை வையுங்கள். 9,000 பற்றிப் பேசும்போது 9,000 திரையில் பெரிதாகத் தெரியும்.

அதோடு, எல்லோரும் போன பிறகு மின்விசிறி மட்டும் ஓட அரை நிமிடம் அறையின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். அதைப் பேச்சுக்கு அடியில் முழு நீளத்துக்கும் மெல்லிய அளவில் ஓடவிட்டால், வெட்டும் இடத்தில் விசிறிச் சத்தம் அறுந்து அறுந்து கேட்பது மட்டுப்படும். பின்னணி இசை சேர்ப்பதாக இருந்தால் எல்லா வெட்டும் முடிந்த பிறகு சேருங்கள்.

ராஜா77

சார், ஒரு சந்தேகம். எழுத்தில் பிழை இருந்தால் திருத்துவோம் இல்லையா? "தேய்மாணம்" என்று வந்திருந்தால் அதை அழித்துச் சரியாக எழுதினால் வீடியோவும் வெட்டுப்பட்டுவிடுமா?

ஒலிக்கோப்பு

நல்ல கேள்வி ராஜா. மென்பொருளைப் பொறுத்தது. டிஸ்கிரிப்டில் திருத்துவதற்குத் தனி நிலை உண்டு. அதில் இல்லாமல் சாதாரணமாகச் சொல்லை அழித்தால் படமும் போகும். பிரீமியரில் சொல்லை இருமுறை சொடுக்கி மாற்றினால் எழுத்து மட்டும் மாறும். வெட்டும் நோக்கத்துக்கு எழுத்துப்பிழையைத் திருத்தவே தேவையில்லை, நேரம் சரியாக இருந்தால் போதும். சப்டைட்டில் வேண்டுமென்றால் வெட்டி முடித்த வீடியோவை மறுபடி எழுத்தாக்கி, அதில் பிழை திருத்துங்கள். அங்கே உங்கள் நோட்பேட் முறை பயன்படும்.

செல்வி_வேலூர்

சீராக்கிய கோப்பில் மறுபடி எழுத்தாக்கினேன். கடைசிப் பகுதியும் இப்போது சரியாக விழுகிறது. 3 நொடிக்கு மேற்பட்ட இடைவெளிகளை மட்டும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன், பெரும்பாலும் பலகை வேலைதான். ஓர் இடத்தில் மட்டும் ஒரு மாணவி கேள்வி கேட்கிறாள். அக்காவின் மைக்கில் அவள் குரல் மிக லேசாக விழுந்திருக்கிறது, எழுத்தில் வரவே இல்லை, இடைவெளி என்றே காட்டுகிறது. அக்கா உடனே பதில் சொல்கிறார். கேள்வி காதில் விழாத வீடியோவில் அந்தப் பதில் புரியாது.

ஒலிக்கோப்பு

அந்த இடத்தை வெட்டாதீர்கள். அவள் குரலை மட்டும் அந்தத் துண்டில் 10 டெசிபெல் ஏற்றிப் பாருங்கள், விசிறிச் சத்தமும் ஏறும். கேட்கும்படி இல்லையென்றால் கேள்வியைத் திரையில் எழுதிப் போடுங்கள். அடுத்த வகுப்பிலிருந்து கேள்வியை அக்கா ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லட்டும், மைக்கில் விழும், எழுத்திலும் வரும்.